கிளார்ஜின் 26 யூனிட்டுக்கு வந்துவிட்டோம்: காலைச் சர்க்கரையைப் பார்த்து இன்னும் ஏற்றலாமா?

பெகு மகள்

எங்கள் அம்மாவுக்கு வயது 64, எடை 60 கிலோ. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். மாத்திரைக்கு அடங்கவில்லை என்பதால் ரங்கூனில் பார்க்கும் மருத்துவர் சென்ற மாதம் கிளார்ஜின் இன்சுலின் பேனா ஊசியை இரவு 9 மணிக்கு 10 யூனிட் என்று தொடங்கி வைத்தார். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் குத்திப் பார்க்க வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் 130-க்கு மேல் இருந்தால் 2 யூனிட் கூட்ட வேண்டும், 80-க்குக் கீழே வந்தால் கூட்டக் கூடாது, 70-க்குக் கீழே வந்தால் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதல் மூன்று காலைகளில் 196, 188, 201 இருந்தது. தாளில் உள்ளபடியே எட்டு முறை ஏற்றி, இப்போது 26 யூனிட்டில் நிற்கிறோம். கடைசி மூன்று காலைகளில் 148, 139, 155. விதிப்படி இன்று இரவு 28 போட வேண்டும். ஆனால் எதுவரை ஏற்றிக்கொண்டே போகலாம் என்று அந்தத் தாளில் இல்லை. அடுத்து மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அம்மா இரவில் தனி அறையில் தூங்குகிறார் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தேக்குமரம்

அம்மா, தயவுசெய்து ஏற்றாதீர்கள். காலையில் சர்க்கரை கூடுதலாக இருப்பதற்குக் காரணமே இரவில் அது மிகவும் இறங்கியிருப்பதுதான். நடு இரவில் இறங்கியதும் உடம்பு பயந்துபோய் ஈரலில் இருக்கும் சர்க்கரையை அவிழ்த்து விடுகிறது. விடிந்து பார்க்கும்போது 150 தெரிகிறது. நீங்கள் அதைக் கண்டு ஊசியை ஏற்ற ஏற்ற இரவில் இன்னும் ஆழமாக இறங்கும். என் பெரியப்பாவுக்கு மருத்துவர் இதைத்தான் விளக்கினார். 26-ஐ 20 ஆக்குங்கள், காலை எண் தானாகக் குறையும்.

டர்பன் தாத்தா

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். நான் காலையில் 30 யூனிட்டும் மாலையில் 18 யூனிட்டும் போட்டுக்கொள்கிறேன். எங்கள் மருத்துவமனைச் செவிலி காலைச் சர்க்கரை 7-க்கு மேல் இருந்தால் மாலை ஊசியைத்தான் மாற்றச் சொல்வார். நீங்கள் 26 யூனிட்டையும் ஒரே வேளையில் போடுவதால்தான் அடங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காலைக்கும் மாலைக்கும் பிரித்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் 148 என்பது எங்கள் கணக்கில் எவ்வளவு என்றும் யாராவது சொல்ல வேண்டும்.

பழைய செவிலி

முதலில் பெரியவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஐயா, எங்கள் எண்ணை 18-ஆல் வகுத்தால் உங்கள் எண் வரும். ஆகவே 148 என்பது உங்களுக்கு 8.2, இலக்காகச் சொன்ன 130 என்பது 7.2. நீங்கள் காலையும் மாலையும் போடுவது, விரைவாக வேலை செய்யும் பகுதியும் மெதுவாக வேலை செய்யும் பகுதியும் சேர்ந்த கலப்பு இன்சுலினாகத்தான் இருக்க வேண்டும். அதில் மாலை ஊசி இரவுச் சாப்பாட்டையும் தாங்குகிறது, விடியற்காலையையும் தாங்குகிறது. இந்தத் தங்கையின் அம்மா போடுவது சாப்பாட்டுக்கான ஊசி அல்ல; ஒரு முறை போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சீராகக் கசியும் ஊசி. உங்கள் விதியை இவருக்குப் பொருத்த முடியாது. பிரித்துப் போடுவதும் இப்போது கேட்கப்படும் கேள்விக்கு விடையாகாது.

தேக்குமரம் தம்பி சொன்னது பல காலம் பாடமாகவே நடத்தப்பட்ட விளக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். இரவில் இறங்கினால் ஈரல் சர்க்கரையை வெளியிடும் என்பது உண்மை. ஆனால் இரவு முழுவதும் சர்க்கரையைப் பதிவு செய்யும் கருவிகள் வந்த பிறகு பார்த்ததில், இரவில் இறங்கியவர்களுக்குக் காலை எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது, கூடுதலாக இல்லை. அதனால் 150-ஐப் பார்த்த மாத்திரத்தில் இரவில் இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டி 6 யூனிட் குறைப்பது ஊகம்தான். ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு இரவு 3 மணிக்கு எழுப்பி ஒரு சொட்டு இரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் கொடுத்த விதி நல்ல விதி. மூன்று நாளுக்கு ஒரு முறை 2 யூனிட் என்பது உலகெங்கும் வீட்டிலிருப்பவர்கள் கையாளும் படி. மூன்று நாள் ஏன் காத்திருக்க வேண்டும் என்றால், இன்று கூட்டிய 2 யூனிட்டின் முழுப் பலன் நாளைக் காலையில் தெரியாது. கிளார்ஜின் உடம்பில் ஒரு சமநிலைக்கு வர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். பலன் தெரிவதற்கு முன்பே மறுபடி ஏற்றினால் பழைய ஏற்றமும் புதிய ஏற்றமும் ஒரே நாளில் வந்து சேரும். டெக்லுடெக் போன்ற இன்னும் நீளமான ஊசியாக இருந்தால் மூன்று அல்லது நான்கு நாள் என்று சற்றுக் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும்.

ஆனால் எதுவரை என்ற கேள்விக்குக் காலை எண் மட்டும் பதில் சொல்லாது. அதனால் இன்று இரவு 28-க்குப் போகாமல் 26-லேயே நில்லுங்கள்; 148-இல் இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருந்தால் அவசரமாக ஒன்றும் ஆகிவிடாது. எனக்கு நான்கு விவரம் வேண்டும். படுக்கப் போகும்போது அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஊசி போடும் இடத்தில் தடவிப் பார்த்தால் கட்டியோ தடிப்போ இருக்கிறதா? பேனா எங்கே வைக்கப்படுகிறது?

மோல்மேன் கடைக்காரர்

செவிலி அக்கா கேட்டவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். என் அப்பாவுக்கு நடந்தது. உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து இன்சுலின் குப்பிகள் கொண்டுவந்து கொடுத்தார். அவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை. வீட்டில் இருந்த சிரிஞ்சோ ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று கோடு போட்டது. எங்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. 20 என்ற கோடு வரை இழுத்தால் 20 யூனிட் என்று நினைத்தோம். உண்மையில் உள்ளே போனது 8 யூனிட். காலைச் சர்க்கரை இறங்கவே இல்லை. நாங்களும் இதே மூன்று நாள் விதிப்படி ஏற்றி ஏற்றி 40 என்ற கோட்டுக்கு வந்துவிட்டோம். அப்போது அப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது 16 யூனிட்தான்.

பிறகு பேனா ஊசிக்கு மாறினோம். மருத்துவர் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார், 40 என்று சொன்னோம், அவரும் 40 என்றே எழுதினார். மறுநாள் விடியற்காலையில் அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை, சர்க்கரை 41. விழுங்கும் நிலையில் இல்லாததால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். காலை எண் அசையவே மாட்டேன் என்கிறது என்றால், ஏற்றுவதற்கு முன் மருந்து உண்மையில் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

பழைய செவிலி

இதை எழுதியதற்கு நன்றி, தம்பி. நான் கட்டியைப் பற்றியும் பேனா வைக்கும் இடத்தைப் பற்றியும் கேட்டதற்கு அதே காரணம்தான். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்புத் தடித்துப் போனால் அங்கே போடும் மருந்து சரியாகச் சேராது. ஒரு நாள் சேரும், ஒரு நாள் சேராது. காலை எண்ணை நம்பி ஏற்றிக்கொண்டே போய், ஒரு நாள் நல்ல தோலில் குத்தியவுடன் ஏற்றிய அத்தனையும் ஒன்றாக வேலை செய்யும். அதனால் தடித்த இடத்தை விட்டு மாறுகிறவர்கள், எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துத்தான் மாற வேண்டும். வெயிலில் கெட்ட மருந்தும் அப்படித்தான். சித்திரை மாதம் மின்சாரம் நிற்கும் நேரத்தில் மேசைமேல் கிடந்த பேனா வீரியம் இழக்கும், எண் ஏறும், நாம் யூனிட்டை ஏற்றுவோம், புதுப் பேனா திறந்த அன்று கீழே விழுவோம்.

பெகு மகள்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். நாங்கள் போடுவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள பேனாதான், பெட்டியில் பார்த்துவிட்டேன். மின்சாரம் அடிக்கடி நிற்பதால் பயன்படுத்தும் பேனாவை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதில் வைக்கிறோம்; திறந்து இன்னும் 28 நாள் ஆகவில்லை. வயிற்றில் கட்டி எதுவும் இல்லை, இடம் மாற்றி மாற்றித்தான் போடுகிறோம்.

முதல் இரண்டு இரவு, படுக்கும் முன் 238, 251 இருந்தது. ஆனால் அப்பா கடையை மூடி வந்த பிறகு எட்டரை மணிக்குத்தான் எல்லாரும் சாப்பிடுகிறோம், நான் பார்த்தது பத்து மணிக்கு.

பழைய செவிலி

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் பார்த்த எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. அப்போது சோறு ஏறிக்கொண்டிருக்கும். அது தானாக இறங்குவதும் ஊசியால் இறங்குவதும் கலந்துவிடும். அம்மாவுக்கு மட்டுமாவது ஏழு மணிக்குச் சாப்பாடு கொடுத்து, பத்தரை மணிக்குப் பாருங்கள். அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு இரவாவது 3 மணிக்கும் பாருங்கள்.

பெகு மகள்

நீங்கள் சொன்னபடி மூன்று இரவு செய்தேன். 26 யூனிட்டிலேயே நிற்கிறோம்.

முதல் இரவு பத்தரைக்கு 204, காலை ஆறு மணிக்கு 144. இரண்டாம் இரவு 196, காலை 137. மூன்றாம் இரவு 211, காலை 150. மூன்றாம் இரவு 3 மணிக்கு எழுப்பிப் பார்த்தேன், 118 இருந்தது. தேக்குமரம் ஐயா சொன்னதுபோல் இறங்கிப் போய்த் திரும்பி ஏறியிருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன், ஆனால் 118 இறக்கம் ஆகாது அல்லவா?

பழைய செவிலி

ஆகாது. ஒரே இரவுதான் என்றாலும் உங்கள் மூன்றாம் இரவு நிறையச் சொல்கிறது. 211-இல் படுத்தவர் 3 மணிக்கு 118-க்கு வந்திருக்கிறார். அதாவது நாலரை மணி நேரத்தில் 93 இறங்கியிருக்கிறது. அங்கிருந்து விடிவதற்குள் 32 ஏறியிருக்கிறது. இந்த ஏற்றம் விடியற்காலையில் உடம்பு விழிப்பதற்காகச் சுரக்கும் பொருள்களால் பலருக்கும் வருவதுதான், இரவு இறங்கியதற்கான பதிலடி அல்ல.

படுக்கும் நேரத்துக்கும் காலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 60, 59, 61. நீண்ட நேர இன்சுலினின் வேலை, இரவில் சர்க்கரையை ஏறக்குறைய நின்ற இடத்தில் பிடித்து வைப்பது. படுத்த எண்ணிலிருந்து 50-க்கு மேல் இழுத்துக் கீழே கொண்டுவருகிறது என்றால், அது தன் வேலையைத் தாண்டி இரவுச் சாப்பாடு விட்டுச் சென்ற மிச்சத்தையும் சுமக்கிறது என்று பொருள். அம்மாவின் குறை விடியற்காலையில் இல்லை. ஏழு மணிச் சாப்பாட்டில் இருக்கிறது. 200-இல் படுக்கிறவரைக் காலையில் 120-க்குக் கொண்டுவர இந்த ஊசியை ஏற்றலாம், எண்ணும் வரும். ஆனால் ஒரு நாள் சாப்பாடு குறைந்து 130-இல் படுத்தால், அதே ஊசி அதே 93-ஐ இழுத்தால் 3 மணிக்கு எங்கே நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள். உடம்பு அப்படிக் கழித்தல் கணக்காக நடக்காது என்றாலும் ஆபத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இன்னொரு எல்லை எடையிலிருந்து வருகிறது. ஒரு கிலோவுக்கு அரை யூனிட் என்பது நின்று யோசிக்க வேண்டிய இடம். அம்மாவுக்கு 60 கிலோ என்பதால் அது 30 யூனிட். 26-இல் இருக்கிறீர்கள், இரண்டு படிதான் பாக்கி. அதைத் தாண்டினால் விஷம் என்பதல்ல. பருத்த உடம்பினருக்கு அதற்கு மேலும் தேவைப்படுவதுண்டு. ஆனால் அந்த அளவுக்கு மேல் ஏற்றுவதில் காலை எண்ணுக்குக் கிடைக்கும் பலன் குறைந்து, இறங்கும் ஆபத்தும் எடையும் கூடுவதால், வீட்டில் யாரும் தாமாக அதைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு எடை எல்லைக்கு முன்பே இரவு வித்தியாசம் கதவைத் தட்டிவிட்டது. மூன்று வாரம் காத்திருக்காமல் இந்த எண்களை எடுத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

தேக்குமரம்

செவிலி அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பெரியப்பாவுக்கு இரவில் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மூன்று காலையில் 138, 126, 141 என்று வந்தால் என்ன செய்வது? சராசரி 135, ஏற்ற வேண்டும் என்கிறது. ஒரு நாள் 130-க்குக் கீழே இருக்கிறதே?

பழைய செவிலி

இதில் மருத்துவர்களே ஒரே விதமாகச் சொல்வதில்லை. சிலர் சராசரியைப் பார்க்கிறார்கள், சிலர் நடு எண்ணை, சிலர் மூன்றில் மிகக் குறைந்ததை. தங்கையின் தாளில் மூன்று நாளும் 130-க்கு மேல் என்று இருப்பதால் அவர்கள் ஏற்றக் கூடாது. நான் தனிப்பட்ட முறையில் குறைந்த எண்ணின் பக்கமே சாய்வேன், ஏனென்றால் ஊசி கூடினால் முதலில் அடிவாங்குவது அந்தக் குறைந்த நாள்தான்.

டர்பன் தாத்தா

என் ஊசி வேறு வகை என்பதை இப்போது புரிந்துகொண்டேன், மகளே, தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். இறங்கிவிட்டால் எவ்வளவு குறைப்பது என்பதையும் யாராவது எழுதினால் நல்லது. ஏற்றுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம்.

பெகு மகள்

தாத்தா கேட்டது எங்களுக்கு நேற்றே நடந்துவிட்டது. அம்மா சஷ்டி விரதம் என்று இரவு பாலும் வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டார், என்னிடம் சொல்லவில்லை. கிளிக்லசைடும் போட்டுவிட்டார், 26 யூனிட்டும் போட்டாயிற்று. விடியற்காலை நாலரை மணிக்குக் கை நடுங்குகிறது என்று எழுப்பினார், 63 இருந்தது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 88, பிறகு இரண்டு பிஸ்கட்.

பழைய செவிலி

சரியாகச் செய்தீர்கள். இங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: சாப்பாடு இல்லை, மாத்திரை மட்டும் உள்ளே போயிற்று. காரணம் தெளிவாக இருந்தால் அந்தக் காரணத்தைச் சரி செய்வதே முதல் வேலை. விரத நாளில் மாத்திரையையும் ஊசியையும் என்ன செய்வது என்று முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். காரணமே இல்லாமல் 70-க்குக் கீழே வந்திருந்தால் ஊசியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைப்பார்கள். 26-க்கு அது 3 முதல் 5 யூனிட். கவனியுங்கள், ஏறும்போது 2, இறங்கும்போது அதைவிடப் பெரிய படி; இறங்குவதற்கு மூன்று நாள் காத்திருப்பதும் இல்லை, அன்றிரவே. 54-க்குக் கீழே போனாலோ, பிறர் உதவி தேவைப்பட்டாலோ, காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் தாளில் 70 என்று இருப்பதால் நேற்றைய 63-ஐயும் சொல்லத்தான் வேண்டும்.

பெகு மகள்

மருத்துவரிடம் பேசிவிட்டேன், நேற்று நேரில் வரச் சொல்லிப் பார்த்தார். இரவு எண்களை எழுதிய தாளைத்தான் முதலில் வாங்கினார். கிளார்ஜினை 24 ஆக்கி அங்கேயே நிறுத்தச் சொன்னார். இரவுக் கிளிக்லசைடை எடுத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் 4 யூனிட் தொடங்கியிருக்கிறார். சாப்பிடாத இரவில் அதைப் போடவே கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதினார். இனிப் படுக்கும் எண்ணையும் காலை எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுத வேண்டுமாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, காலை இலக்கை 130-லிருந்து 150 ஆக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார், முடிவு சொல்லவில்லை.

மோல்மேன் கடைக்காரர்

என் அப்பாவுக்கு 150 என்றுதான் வைத்திருக்கிறார்கள், அவருக்கு வயது 78. உங்கள் அம்மாவுக்கு 64 தானே, 130-ஐ விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய செவிலி

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பை விட்டு வெளியேற நேரமாகும். அதே 24 யூனிட் அவருக்கு அதிகமாக வேலை செய்யும். அந்தப் பரிசோதனையின் எண் என்ன என்று தெரியாமல் 130-ஆ 150-ஆ என்று நான் பக்கம் சாய மாட்டேன். தங்கையே, அடுத்த முறை போகும்போது கிரியேட்டினின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு எழுதி வாருங்கள்.